ஒரே அளவு சம்பளத்தில் இரண்டு ஆஃபர்: பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், லீவை எப்படி எடைபோடுவது?

கேள்வி: சென்னையில் இரண்டு கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. ஒன்று ஆண்டுக்கு 9 லட்சம், இன்னொன்று 9.2 லட்சம் சி.டி.சி. வேலை இரண்டும் ஒரே மாதிரிதான். முதல் கம்பெனியில் முழு பேசிக்குக்கும் பி.எஃப்., அப்பா அம்மாவுக்கும் சேர்த்து 5 லட்சம் இன்சூரன்ஸ். இரண்டாவதில் பி.எஃப். 1,800 மட்டும், இன்சூரன்ஸ் 3 லட்சம், எனக்கும் கணவருக்கும் மட்டும். ஆனால் கையில் வருவது அங்கேதான் அதிகம். லீவும் வித்தியாசம். எனக்கு 30 வயது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. குழந்தை பற்றியும் யோசிக்கிறோம். எதை எப்படி ஒப்பிடுவது?

பதில்:

முதலில் 9, 9.2 என்ற இரண்டு எண்களையும் ஓரமாக வையுங்கள். சி.டி.சி. என்பது கம்பெனி உங்களுக்காகச் செலவழிப்பதாகச் சொல்லும் தொகை. அதற்குள் எதையெல்லாம் சேர்ப்பது என்பது ஒவ்வொரு கம்பெனியின் விருப்பம். ஒருவர் இன்சூரன்ஸ் பிரீமியத்தை உள்ளே சேர்ப்பார், இன்னொருவர் வெளியே விடுவார். அதனால் ஒவ்வொரு சலுகைக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது சி.டி.சி.க்கு உள்ளே இருக்கிறதா, வெளியேயா? என்ன நடந்தால் இது என் கைக்கு வரும்?

இரண்டு கம்பெனியிடமும் சம்பளப் பிரிவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஆஃபர் லெட்டரின் பின்னிணைப்பாக அது வரும். நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்து, வழக்கமாக இருக்கும் அமைப்பில் நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். உங்கள் தாளில் எண்கள் மாறலாம், முறை மாறாது.

முதல் கம்பெனியில் பேசிக் மாதம் 37,500 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். அதில் 12 சதவீதம், அதாவது மாதம் 4,500, ஆண்டுக்கு 54,000. இது 9 லட்சத்துக்குள் இருக்கிறது. கிராஜுவிட்டியும் இன்சூரன்ஸ் பிரீமியமும் தாளில் இல்லை, அதாவது வெளியே. மீதி 8,46,000 உங்கள் மொத்தச் சம்பளம், மாதம் 70,500. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 4,500 போனால் கையில் 66,000.

இரண்டாவதில் பேசிக் 38,000. 9.2 லட்சத்துக்குள் கம்பெனியின் பி.எஃப். 21,600, கிராஜுவிட்டி 21,900, இன்சூரன்ஸ் பிரீமியம் 18,000 என்று மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. மீதி 8,58,500, மாதம் சுமார் 71,540. உங்கள் பி.எஃப். 1,800 போக கையில் 69,740.

கையில் வருவதை மட்டும் பார்த்தால் இரண்டாவதில் மாதம் 3,700 ரூபாய் கூட. ஆனால் கையில் வருவதையும், உங்கள் பெயரில் பி.எஃப். அலுவலகத்தில் சேர்வதையும் கூட்டிப் பாருங்கள். முதல் கம்பெனியில் 66,000-உம் 9,000-உம் சேர்ந்து 75,000. இரண்டாவதில் 69,740-உம் 3,600-உம் சேர்ந்து 73,340. ஆக, சி.டி.சி. 20,000 குறைவாகத் தெரிகிற கம்பெனி, உண்மையில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 20,000 அதிகம் தருகிறது. தொழில் வரியை இரண்டிலும் விட்டுவிட்டேன். வருமான வரியைப் பொறுத்தவரை, புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது என்பதால் இந்தச் சம்பளத்தில் அது கணக்கைக் கலைக்காது.

இதில் பி.எஃப். பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. "முழு பேசிக்குக்கும் பி.எஃப். கட்டுகிறார்கள், அதனால் நல்ல கம்பெனி" என்பார்கள். கம்பெனியின் பங்கு சி.டி.சி.க்குள் இருந்தால் அது உங்கள் பணத்தையே ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவதுதான். மேலே முதல் கம்பெனி முந்தியதற்குக் காரணம் பி.எஃப். பெரிதாக இருப்பது அல்ல. கிராஜுவிட்டியையும் பிரீமியத்தையும் உங்கள் எண்ணுக்குள் சேர்க்காததுதான் காரணம். இரண்டாவது கம்பெனியிடம் "எனக்கும் முழு பேசிக்குக்கு பி.எஃப். போடுங்கள்" என்று கேட்டு வாங்கினால்கூட, சி.டி.சி. அதே 9.2 லட்சமாக இருக்கும்வரை உங்களுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் வராது. கையில் வருவது குறையும், அவ்வளவுதான்.

அந்த 1,800 எங்கிருந்து வருகிறது என்றால், சட்டப்படி பி.எஃப். கட்டாயமாகும் சம்பள வரம்பு 15,000. 2014 செப்டம்பரிலிருந்து அதுதான். அதில் 12 சதவீதம் 1,800. கம்பெனி அதோடு நிறுத்திக்கொள்வது சட்ட மீறல் இல்லை. நீங்கள் ஏற்கெனவே ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால், கம்பெனியின் பங்கிலிருந்து மாதம் 1,250 அங்கே போகும். அதனால் இரண்டாவது கம்பெனியில் பாஸ்புக்கைத் திறந்தால் கம்பெனி பங்கு வெறும் 550 என்று காட்டும். பணம் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், மீதி ஓய்வூதியப் பத்தியில் இருக்கும்.

அப்படியானால் பெரிய பி.எஃப்.பால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது உங்கள் சேமிக்கும் பழக்கத்தைப் பொறுத்தது. முதல் கம்பெனியில் மாதம் 5,400 கூடுதலாகச் சேர்கிறது. 2024-25-க்கான வட்டி 8.25 சதவீதம். அதே வட்டி நீடித்தால் 5 ஆண்டில் இந்தக் கூடுதல் தொகை மட்டும் 4 லட்சத்தை ஒட்டி வரும். இரண்டாவது கம்பெனியில் கையில் கூடுதலாக வரும் 3,700-ஐ நீங்களே ஒழுங்காகச் சேமித்தால் இந்த இடைவெளியில் பெரும்பகுதியை அடைத்துவிடலாம். சேமிக்க மாட்டேன் என்று உங்களுக்கே தெரிந்தால் பெரிய பி.எஃப். நல்லது. வீட்டுக் கடன் தவணை கழுத்தைப் பிடிக்கிறது என்றால் கையில் வருவதே முக்கியம். இரண்டாவதில் சேர்ந்த பிறகு உங்கள் பங்கை மட்டும் விருப்பத்தின் பேரில் கூட்டிக்கொள்ளவும் வழி உண்டு.

சொன்ன பி.எஃப்.ஐ ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். பி.எஃப். அமைப்பின் இணையதளத்தில் `Establishment Search` என்ற பக்கம் இருக்கிறது, லாகின் தேவையில்லை. கம்பெனி பெயரைப் போட்டால், எந்த மாதத்துக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தேதிகள் தொடர்ந்து தள்ளிப்போயிருந்தாலோ, ஆள் எண்ணிக்கை திடீரென்று பாதியாகியிருந்தாலோ அந்தக் கம்பெனியில் பணப்புழக்கம் சரியில்லை என்று அர்த்தம். 20,000 ரூபாய் வித்தியாசத்தைவிட இந்தத் தகவல் பெரிது.

கிராஜுவிட்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேலையை விடும்போது கம்பெனி தரும் தொகை அது: கடைசியாக வாங்கிய பேசிக்கில் 15 நாள் சம்பளம், வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும். மாதத்தை 26 நாளாகக் கணக்கிடுவார்கள்.

```
கிராஜுவிட்டி = கடைசி பேசிக் × 15 ÷ 26 × ஆண்டுகள்
```

5 ஆண்டு கழித்து பேசிக் 50,000 ஆகியிருந்தால் சுமார் 1,44,000 கிடைக்கும். இதை ஒரு மாதத்துக்குப் பிரித்தால் பேசிக்கில் 4.81 சதவீதம் வரும். இரண்டாவது கம்பெனியின் தாளில் இருக்கும் 21,900 அப்படி வந்ததுதான்.

ஆனால் நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு முடியாவிட்டால் கிராஜுவிட்டி கிடையாது. இறப்புக்கும் உடல் ஊனத்துக்கும் மட்டும் அந்த நிபந்தனை பொருந்தாது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்பவர்களுக்கு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி ஓர் ஆண்டு போதும். ஆகவே ஆஃபர் லெட்டரில் நீங்கள் நிரந்தரமா, ஒப்பந்தமா என்பதையும் பாருங்கள். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடிந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. எல்லாக் கம்பெனியும் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்பதில்லை, அதனால் அதை நம்பி ராஜினாமா தேதியைக் குறிக்காதீர்கள்.

கிராஜுவிட்டி தாளில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் சட்டப்படி அது உங்கள் உரிமை. முதல் கம்பெனி எழுதவில்லை என்பதால் தரமாட்டார்கள் என்று ஆகாது. மாறாக, இரண்டாவது கம்பெனியில் 3 ஆண்டில் வெளியேறினால், உங்கள் சம்பளம் என்று காட்டிய பணத்தில் 65,000-க்கு மேல் உங்கள் கைக்கு வராமலே போகும். 5 ஆண்டுக்கு முன் வேலை மாறிவிடும் வாய்ப்பு இருந்தால் கிராஜுவிட்டிக்குச் சுழியம் போட்டே ஒப்பிடுங்கள். நான் மேலே செய்ததும் அதுதான்.

இனி இன்சூரன்ஸ். உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்கப் போவது இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அம்மாவுக்குச் சர்க்கரை. நீங்களே அம்மாவுக்குத் தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் அதனால் வரும் சிக்கல்களுக்கும் 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். கம்பெனி குரூப் பாலிசியில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே அவற்றுக்கும் காப்பு உண்டு. அந்த 3 ஆண்டுக்குள் காலில் புண் வந்தோ சிறுநீரகக் கோளாறு வந்தோ ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வித்தியாசம் லட்சங்களில் இருக்கும். அப்பா அம்மா இருவருக்கும் தனி பாலிசிக்கு என்ன பிரீமியம் வரும் என்று இன்றே இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். 45,000 என்று வந்தால், அந்தத் தொகையை முதல் கம்பெனியின் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஆண்டுக்கு 65,000 ஆகிவிடும்.

ஆனால் "பெற்றோருக்கும் 5 லட்சம்" என்ற ஒரு வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த 5 லட்சம் நான்கு பேருக்கும் பொதுவா, பெற்றோருக்குத் தனியா என்று கேளுங்கள். அப்புறம் அறை வாடகை வரம்பையும், பெற்றோரின் பில்லில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கான இணைச்செலுத்தலையும் கேளுங்கள். இவை இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்.

அறை வாடகை வரம்பு காப்புத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 என்று வைப்போம். பெற்றோருக்கு 20 சதவீதம் இணைச்செலுத்தல். அம்மாவை நாளுக்கு 8,000 வாடகை உள்ள அறையில் 4 நாள் வைத்திருக்கிறீர்கள். மொத்த பில் 3 லட்சம். அதில் அறை 32,000, டாக்டர், அறுவை சிகிச்சை, நர்சிங் கட்டணங்கள் 1,68,000, மருந்தும் பரிசோதனையும் 1 லட்சம். அறைக்கு 20,000-தான் தருவார்கள். இதோடு நிற்பதில்லை. வரம்பை மீறிய அறை என்பதால் டாக்டர், அறுவை சிகிச்சைக் கட்டணங்களையும் அதே விகிதத்தில், எட்டில் ஐந்து பங்காகக் குறைப்பார்கள், 1,05,000. மருந்து, பரிசோதனைக்கு இந்தக் குறைப்பு பொருந்தாது, 1 லட்சம் அப்படியே. கூட்டினால் 2,25,000. அதில் 20 சதவீதத்தை நீங்கள் ஏற்க வேண்டும். கடைசியில் இன்சூரன்ஸ் தருவது 1,80,000, உங்கள் கையிலிருந்து போவது 1,20,000.

"5 லட்சம் கவர் இருக்கிறதே, 3 லட்சம் பில்தானே" என்று நிம்மதியாக இருக்கும் குடும்பங்கள் டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் தடுமாறுவது இப்படித்தான். அறை வரம்பு இல்லாத 3 லட்சம் பாலிசி சில சமயம் வரம்புள்ள 5 லட்சம் பாலிசியைவிட மேல். அதனால் ஹெச்.ஆர்.இடம் பாலிசியின் பலன் சுருக்கத்தைக் கேளுங்கள். ஓரிரு பக்கம்தான் இருக்கும், எல்லா வரம்பும் அதில் வரும்.

கல்யாணமான பெண் என்பதால் உங்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பல பாலிசிகளில் பெற்றோர் அல்லது மாமனார் மாமியார், யாராவது ஒரு ஜோடியைத்தான் சேர்க்கலாம். இன்னும் சிலவற்றில் பெண் ஊழியர் யாரைச் சேர்க்கலாம் என்பதைக் கம்பெனியே முடிவு செய்திருக்கும். உங்கள் அம்மாவைச் சேர்க்க முடியும் என்று மெயிலில் எழுத்தாக வாங்குங்கள். பிரசவத்துக்கு எவ்வளவு வரம்பு, அறுவை சிகிச்சைப் பிரசவத்துக்கு எவ்வளவு, சேர்ந்த நாளிலிருந்தே உண்டா, குழந்தை பிறந்த நாளிலிருந்தே அதற்குக் காப்பு உண்டா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். "என் பெற்றோரையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும், அதற்காக பாலிசியின் பலன் சுருக்கம் தேவை" என்று கேட்டால் போதும். குழந்தை பற்றிய உங்கள் திட்டத்தை அவர்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். குரூப் பாலிசி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும், நிபந்தனைகளைக் கம்பெனி மாற்றலாம். செலவைக் குறைக்க நினைத்தால் பெற்றோர் காப்பில்தான் பெரும்பாலும் முதலில் கை வைப்பார்கள். அதோடு, கடைசி வேலை நாளோடு உங்கள் காப்பும் முடிந்துவிடும். அதனால் முதல் கம்பெனியில் சேர்ந்தாலும் அம்மாவுக்கு ஒரு சிறிய தனி பாலிசியை இப்போதே தொடங்கினால், அந்தக் காத்திருப்புக் காலம் குரூப் காப்பின் நிழலிலேயே ஓடிவிடும்.

அப்பா தமிழ்நாடு அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவரா? அப்படியானால் தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏற்கெனவே காப்பு இருக்கும். அண்ணன் தம்பி வேலை செய்யும் இடத்தில் அவர்கள் சேர்க்கப்பட்டிருந்தாலும் இதே கதைதான். அப்போது அந்த 45,000-ஐ நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். வித்தியாசம் மறுபடி 20,000-க்கு இறங்கும். அந்த அளவு வித்தியாசத்துக்கு வேலையையும் மேலதிகாரியையும் பார்த்து முடிவு செய்யலாம்.

லீவில் பண மதிப்பு நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, ஆண்டுக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு, 12 நாள் தற்செயல், 12 நாள் நோய் விடுப்பு என்று குறைந்தபட்சம் வைத்திருக்கிறது. ஒரு கம்பெனி ஈட்டிய விடுப்பை 18 நாளாகத் தருகிறது என்றால் கூடுதல் 6 நாள். அதைப் பணமாக்கும்போது பேசிக்கை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,440, ஆறு நாளுக்கு 8,600 ரூபாய்தான். மொத்தச் சம்பளத்தை வைத்துத் தருகிறார்களா, பேசிக்கை மட்டுமா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

எண்ணிக்கையைவிட விதிகளில்தான் விஷயம் இருக்கிறது. வெள்ளியும் திங்களும் லீவு போட்டால் நடுவில் வரும் சனி ஞாயிறையும் சேர்த்து நான்கு நாள் கழிக்கிற கம்பெனிகள் உண்டு. அங்கே 18 நாள் என்பது ஊருக்குப் போய்வர நாலைந்து தடவையில் தீர்ந்துவிடும். பயிற்சிக் காலத்தில் ஈட்டிய விடுப்பை எடுக்கவே விடாத இடங்களும் உண்டு. அம்மாவை மாதாந்திரச் சோதனைக்குக் கூட்டிப்போக வேண்டிய உங்களுக்கு அரை நாள் லீவு உண்டா என்பதுகூட முக்கியம். அங்கே வேலை செய்யும் ஒருவரிடம், ஹெச்.ஆர்.இடம் அல்ல, "போன வருஷம் உங்களுக்கு எத்தனை நாள் லீவு மிஞ்சியது?" என்று கேளுங்கள். நிறைய மிஞ்சியது என்று பதில் வந்தால், அங்கே லீவு கொடுப்பதில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

மகப்பேறு விடுப்பு இரண்டு கம்பெனிக்கும் ஒன்றுதான். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. பிரசவ எதிர்பார்ப்புத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவே. "ஓர் ஆண்டு முடிந்தால்தான்" என்று யாராவது சொன்னால் அது சட்டம் இல்லை.

நீங்கள் சொன்ன விவரங்கள் அப்படியே இருந்து, அறை வரம்பும் இணைச்செலுத்தலும் தாங்கக்கூடியதாக இருந்து, அம்மாவுக்கு வேறு காப்பு இல்லை என்றால் நான் முதல் கம்பெனியைத்தான் எடுப்பேன். இரண்டாவது கம்பெனிதான் பிடித்திருக்கிறது என்றால், பேரம் பேசும்போது இன்சூரன்ஸையோ பி.எஃப்.ஐயோ மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒருவருக்காக குரூப் பாலிசியை மாற்ற மாட்டார்கள். "பிரீமியமும் கிராஜுவிட்டியும் சி.டி.சி.க்குள் இருப்பதால், நிலையான சம்பளத்தில் 60,000 கூட்டித் தர முடியுமா?" என்று ஒரே எண்ணாகக் கேளுங்கள். அதற்குத்தான் அவர்களிடம் அதிகாரம் இருக்கும்.

எதில் சேர்ந்தாலும், பழைய பி.எஃப்.ஐ எடுக்காமல் அதே யு.ஏ.என். எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். தொடர்ந்து 5 ஆண்டு ஆகாமல் எடுத்தால் வரிக்கு உட்படும். பழைய கம்பெனியின் கடைசி நாளுக்கும் புதிய கம்பெனியில் சேரும் நாளுக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள், அந்த நாட்களில் உங்கள் வீட்டில் யாருக்கும் குரூப் காப்பு இருக்காது. சேர்ந்ததும் அம்மா அப்பா பெயரை இன்சூரன்ஸ் பக்கத்தில் பதிவு செய்ய ஒரு கெடு தருவார்கள். அதைத் தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த புதுப்பிப்பு வரை சேர்க்க முடியாது. அம்மாவின் ஆதாரில் உள்ள பிறந்த தேதியையும் பெயர் எழுத்தையும் இப்போதே சரிபார்த்து வைத்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே பதிந்துவிடுங்கள்.